400 மிளகாய்க் கன்றுக்கு எத்தனை விதை போடவேண்டும்? முளைதிறன் பற்றிய கேள்வி பதில்

காலபோக மழைக்கு முன்னர் தவறணை போடத் தொடங்கும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பெரும்பகுதி மிளகாயை வைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. தவறணை போட்டு நடுகிற கத்தரி, தக்காளிக்கும் இதே கணக்குத்தான். குழியில் நேரே ஊன்றுகிற வெண்டி, பூசணி, பயிற்றைக்குக் கணக்கு வேறு. அது பின்னால் வருகிறது.

பைக்கற்றில 85 வீதம் எண்டு போட்டுக்கிடக்கு. அப்ப 100 விதை போட்டா 85 கன்று வருமோ?

அநேகமாக வராது. அந்த 85, ஆய்வுகூடத்தில் ஈரக் கடதாசியில், அளவான சூட்டில், எறும்போ மழையோ இல்லாத இடத்தில் முளைத்த கணக்கு. அதுவும் பரிசோதித்த நாளின் கணக்கு. பிறகு அந்தப் பைக்கற் தகரக்கூரைக் கடையில் எத்தனை மாதம் வெயிலில் காய்ந்தது என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. ஆகவே வாங்கும்போது வீதத்தைப் பார்ப்பதுபோல, பொதி செய்த திகதியையும் முடிவுத் திகதியையும் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, உங்களுக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று விதையின் முளைதிறன். மற்றது, முளைக்கக்கூடிய விதைகளில் எத்தனை பங்கு மண்ணுக்கு மேலே வந்து, நடுகிற பருவம்வரை தப்பும் என்பது. முதலாவது விதையின் குணம், இரண்டாவது உங்கள் தவறணையின் குணம். இரண்டையும் பெருக்கினால்தான் ஒரு விதை ஒரு கன்றாகிற வாய்ப்பு வரும். கணக்குப் பிழைக்கிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான், ஏனென்றால் அதை எவரும் எழுதி வைப்பதில்லை.

வீட்டில எப்பிடி முளைதிறன் பாக்கிறது?

விதை முழுவதையும் ஒரு சுளகில் கொட்டிக் கலக்குங்கள். போத்தலின் மேலேயிருந்து ஒரு பிடி எடுத்தால் அது மேலே கிடந்த விதையின் முளைதிறனைத்தான் சொல்லும். கலந்த விதையை வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து பிரியுங்கள். கடைசியில் நூற்றைம்பது இருநூறு விதை அளவில் நிற்கும்போது, ஓரத்திலிருந்து வரிசையாக 100 எண்ணுங்கள். நல்ல விதையாய்ப் பொறுக்கக் கூடாது. சுருங்கியது, சின்னது, நிறம் மங்கியது எல்லாம் வந்தபடியே சேரவேண்டும், ஏனென்றால் தவறணையிலும் அவற்றைத்தான் போடப்போகிறீர்கள்.

பழைய பருத்திச் சாரத்துண்டு ஒன்றை நனைத்துப் பிழியுங்கள். கையால் இறுக்கினால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரியவேண்டும். அதில் பத்துக்குப் பத்தாக, ஒன்றையொன்று தொடாமல் விதைகளை அடுக்கி, மேலே இன்னொரு ஈரத்துண்டை மூடி, தளர்வாகச் சுருட்டி, மூடி இறுக்காத ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். பெட்டி நிழலில், குசினி அடுப்புக்குத் தள்ளி இருக்கட்டும். தினமும் ஒருமுறை திறந்து காற்றுப் பட விட்டு, துணி காய்ந்திருந்தால் தெளியுங்கள். தண்ணீர் தேங்கினால் விதை மூச்சுமுட்டி அழுகும். அது விதையின் குற்றமல்ல, பரிசோதனையின் குற்றம்.

மிளகாய்க்கு 7ஆம் நாள் ஒருமுறை, 14ஆம் நாள் கடைசியாக எண்ணுங்கள். கத்தரி, தக்காளியும் 14 நாள். பயறு 7 நாளில் முடிந்துவிடும். நான்காம் நாளே துணியைப் பார்த்துவிட்டு "ஒன்றும் முளைக்கவில்லை, பழுது" என்று மிளகாய் விதையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். மிளகாய் ஆறுதலான விதை.

முளை வெள்ளையா எட்டிப்பாத்தாலே கணக்கில சேக்கலாம்தானே?

சேர்க்க வேண்டாம். வேர் நுனி வெளியே வந்ததும் எண்ணினால் எப்போதும் கூடுதலான எண்தான் கிடைக்கும். வேர், தண்டு, இரண்டு வித்திலைகள் ஆகியவை ஒழுங்காக உள்ள நாற்றை மட்டும் எண்ணுங்கள். வேர் கட்டையாக நின்றுபோனது, வேரே இல்லாமல் தண்டு மட்டும் வந்தது, சுருண்டு கண்ணாடிபோல நிறமற்றுக் கிடப்பது, அடியில் அழுகியது, இவையெல்லாம் ஈரத்துணியில் உயிரோடு தெரியும். மண்ணில் அரை சென்ரிமீற்றரைக்கூடத் தள்ளிக்கொண்டு வரமாட்டாது. பழைய விதையில் இப்படி ஊனமான முளைகள் கூடுதலாக இருக்கும். 90 முளைத்து அதில் 12 ஊனமென்றால் உங்கள் முளைதிறன் 78.

100 எண்ணப் பஞ்சி. 10 விதை போட்டுப் பாத்தா காணாதோ?

விதை செத்ததா இல்லையா என்று அறிய 10 காணும். எத்தனை போடவேண்டும் என்று கணக்குப் பார்க்கக் காணாது.

10 போட்டு 8 முளைத்தால் 80 வீதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் உண்மையில் 45 வீதமே உள்ள விதையும் அதிர்ஷ்டத்தில் 8 காட்டக்கூடும், 97 வீத விதையும் துரதிர்ஷ்டத்தில் 8 காட்டக்கூடும். அவ்வளவு அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டு ஒரு கணக்கும் செய்ய முடியாது. 100 போட்டு 80 முளைத்தால் உண்மை ஏறக்குறைய 71க்கும் 87க்கும் இடையில். இது வேலைக்கு ஆகும். சர்வதேச விதைப் பரிசோதனை விதிகளில் 400 விதையை நூறு நூறாக நான்கு தொகுதியாகப் போடுவது இதே காரணத்துக்காகத்தான். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

விதை விலைகூடியது, மொத்தமே 60 தான் இருக்கிறது என்றால் பரிசோதிக்கவே வேண்டாம். நாற்றுத்தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாய் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். வந்ததுதான் கணக்கு.

100 கன்று வேணும், முளைக்கிறது 70 வீதம். 100ஐ 0.7 ஆல பிரிச்சா 143. அது சரியோ?

கணக்குச் சரி, ஆனால் அதை நம்பி விதைக்கக் கூடாது. 143 விதை போட்டால் சராசரியாக 100 கன்று வரும். சராசரி என்றால் சிலவேளை 94, சிலவேளை 106. 100 அல்லது அதற்கு மேல் கிடைக்கிற வாய்ப்புப் பாதிக்குச் சற்றுக் கூடத்தான். இரண்டு போகத்தில் ஒரு போகம் கன்று காணாமல் அயலில் கேட்டுத் திரியவேண்டியிருக்கும்.

இருபது தடவை போட்டால் பத்தொன்பது தடவையாவது தேவையான தொகை வரவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 143க்கு மேல் இன்னும் 13 விதை போடவேண்டும். போனில் உள்ள கல்குலேற்றரிலேயே பார்க்கலாம். தேவையான கன்றுத் தொகையை, வராமல் போகும் பங்கால் பெருக்குங்கள்: 100 × 0.3 = 30. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.5. அதை, இருபதில் பத்தொன்பது தடவைக்கு உரிய எண்ணான 1.65 ஆல் பெருக்கினால் 9. அதை வரும் பங்கான 0.7 ஆல் பிரித்தால் 13. மொத்தம் 156 விதை.

```
விதை = தேவை ÷ வரும்பங்கு + 1.65 × √(தேவை × வராதபங்கு) ÷ வரும்பங்கு
```

இந்த மேலதிகம் எல்லாத் தொகைக்கும் ஒரே வீதமாக வராது. இதே 70 வீத விதையில் 10 கன்று வேண்டுமென்றால் பிரித்தால் 14 வரும், ஆனால் 18 அல்லது 19 போடவேண்டும். அது மூன்றில் ஒரு பங்கு அளவு கூட. 100க்கு 13, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1000 கன்றுக்கு 1429 என்று வரும் இடத்தில் 1470 போட்டால் போதும், மூன்று வீதம்தான் கூட. சின்னத் தோட்டக்காரருக்குத்தான் கை தாராளமாக வேண்டும், பெரிய தவறணைக்காரருக்கு அது வீண். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வீட்டு வளவுக்கு எண்ணி எண்ணி 12 விதை, பெரிய பாத்திக்குக் கைநிறைய அள்ளி.

சரி, எனக்கு 400 மிளகாய்க் கன்று நட வேணும். முழுக்கணக்கையும் ஒருக்காச் சொல்லுங்கோ.

60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு இடத்துக்கு ஒரு கன்றாக நடுவதானால் 400 கன்றுக்கு அரைப் பரப்புக்குக் கொஞ்சம் குறைவான நிலம் போதும். நட்ட முதல் இரண்டு கிழமையில் சில கன்று படும், அந்த இடத்துக்குத் திருப்பி நட பத்தில் ஒரு பங்கு மேலதிகம் வையுங்கள். அப்படியென்றால் தவறணையிலிருந்து கிளப்ப வேண்டியது 440.

விதையைப் பரிசோதித்தீர்கள், 100க்கு 78 ஒழுங்கான நாற்று. அடுத்தது இரண்டாவது எண். வைக்கோலும் உமியும் மாறிமாறிப் பரப்பி எரித்துச் சுத்தப்படுத்திய பாத்தி, மேலே கிடுகுப் பந்தல், பூவாளியால் தண்ணீர் என்றால், முளைக்கக்கூடிய 100 விதையில் 85 கன்றாகும் என்று எடுப்போம். இது ஓர் ஊகம்தான். உங்கள் பாத்திக்கு உரிய எண்ணை நீங்களே எடுக்கலாம்: இரண்டு வரிசையில் எத்தனை விதை போட்டீர்கள் என்று ஒரு தடியில் எழுதிக் குத்திவிட்டு, கிளப்புகிற நாளில் அந்த வரிசைகளில் நடக்கூடிய கன்றை எண்ணுங்கள். அதைப் போட்ட விதைத் தொகையால் பிரித்து, வருவதை விதையின் முளைதிறனால் பிரித்தால் பாத்தியின் எண் வந்துவிடும். எரிக்காத பாத்தியில், அடைமழைக்குள் போட்டால், அது 85ஐ விட நன்றாகக் கீழே இறங்கும்.

0.78 × 0.85 = 0.663. அதாவது மூன்று விதைக்கு இரண்டு கன்று. 440ஐ அதனால் பிரித்தால் 664. முன்சொன்ன வர்க்கமூலக் கணக்கில் இன்னும் 30 சேர்த்தால் 694.

இதோடு முடித்துவிடலாம், ஆனால் அந்த 78 என்ற எண்ணே 100 விதையில் பார்த்தது. உண்மை 70 ஆகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம். நான் கெட்ட பக்கத்தை எடுத்துத்தான் விதைக்கச் சொல்வேன்: 0.70 × 0.85 = 0.595. 440 ÷ 0.595 = 740 விதை. உண்மை 78ஆகவே இருந்துவிட்டால் 490 கன்று நிற்கும், 50 கன்று மிஞ்சும். மிஞ்சினது அயலுக்குப் போகும், அதில் நட்டமில்லை. விதை விலைகூடிய கலப்பினமென்றால் மாத்திரம் 694க்கு இறங்குங்கள்.

740 விதையை 3 மீற்றர் நீளம் 1 மீற்றர் அகலமான ஒரு பாத்தியில் போடலாம். பாத்திக்குக் குறுக்கே 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறினால் 30 வரிசை. ஒரு வரிசைக்கு 25 விதை, அதாவது ஏறக்குறைய 4 சென்ரிமீற்றருக்கு ஒன்று. அரை சென்ரிமீற்றர் ஆழம் போதும். விதை கூட இருக்கிறதென்று அதே பாத்தியில் 2000 விதையைத் தூவினால் கூடுதல் கன்று வராது. நெருக்கத்தில் ஈரம் காயாது, அடியழுகல் ஒரு மூலையில் தொடங்கி வட்டம் வட்டமாகப் பாத்தியைச் சாப்பிடும். தப்பினதும் நூல் மாதிரி உயர்ந்து வளர்ந்திருக்கும்.

740 விதையை ஆர் இருந்து எண்ணுறது?

எண்ணத் தேவையில்லை. தேக்கரண்டியால் ஒருமுறை மட்டமாய் அள்ளி அதில் எத்தனை என்று எண்ணுங்கள். இன்னொரு முறை அள்ளி எண்ணிச் சராசரி எடுத்தால் சரி, மிச்சத்தைக் கரண்டிக்கணக்கில் அளக்கலாம். கிராமில் நிறுக்கிற சின்னத் தராசு இருந்தால், மிளகாய் விதை பொதுவாகக் கிராமுக்கு 150 முதல் 200 வரை நிற்கும். ஆக 740 விதை 5 கிராமுக்குள் அடங்கிவிடும். இனத்துக்கினம் பருமன் மாறும் என்பதால் உங்கள் விதையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வெண்டிக்குக் குழிக்கு ரெண்டு விதையோ மூண்டோ?

இங்கே மொத்தத் தொகை முக்கியமில்லை, ஒவ்வொரு குழியிலும் ஒன்றாவது வரவேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது "ஒன்றும் வராத குழி எத்தனை" என்பதைத்தான். ஒரு விதை கன்றாகிற வாய்ப்பு 60 வீதம் என்று வைப்போம், வராத வாய்ப்பு 0.4. இரண்டு போட்டால் இரண்டுமே வராமல் போவது 0.4 × 0.4 = 0.16. மூன்று போட்டால் 0.064. 60 குழி வெட்டியிருந்தால் இரண்டு விதைக்கு ஏறக்குறைய 10 குழி வெறுமை, மூன்று விதைக்கு 4 குழி.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே குழியிலுள்ள விதைகளுக்கு ஒரே தலைவிதி. எறும்பு கண்டால் மூன்றையும் காவிக்கொண்டு போகும். மயில் கிளறினால் வரிசையே போகும். குழியில் தண்ணீர் நின்றால் மூன்றும் அழுகும். காட்டோரத் தோட்டங்களில் நான்காவது ஐந்தாவது விதை போடுவது மயிலுக்குத் தீனி போடுவதுதான். கணக்கு 4 வெற்றுக் குழி என்று சொன்ன இடத்தில் 12 வெற்றுக் குழி கிடந்தால், அது விதையின் வேலையல்ல என்று புரிந்துகொள்ளலாம். வெற்றுக் குழிகள் அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்தால் விதை. சேர்ந்தாற்போல ஒரு பக்கமாகக் கிடந்தால் எறும்பு, மயில், தண்ணீர்.

என் விருப்பம் இது: குழிக்கு இரண்டு விதை, அதே நாளில் 15 பொலித்தீன் பையில் ஒவ்வொரு விதை. மொத்தம் 135. குழிக்கு மூன்று போடுவதென்றால் 180 செலவாகும். வெற்றுக் குழிக்கு அதே வயதுக் கன்றைப் பையோடு கொண்டுபோய், பையைக் கிழித்து மண் உடையாமல் வைக்கலாம். பிந்தி ஊன்றினால் முன்னது நிழல் போட்டுப் பின்னதை எழும்ப விடாது. இரண்டும் வந்த குழியில் மெலிந்ததைப் பிடுங்காமல் நகத்தால் அடியோடு கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேர் அசையும்.

தண்ணியில போட்டு, தாழுற விதையை மட்டும் எடுத்தா முளைதிறன் பாக்கத் தேவையில்லைதானே?

மிதக்கிறது பெரும்பாலும் பதர், அதை நீக்குவது நல்லதுதான். ஆனால் தாழ்ந்ததெல்லாம் உயிருள்ளது என்று எண்ண வேண்டாம். மூன்று வருடம் போத்தலில் கிடந்து செத்துப்போன விதையும் பாரம் குறையாமல் நன்றாகத் தாழும். வற்றலிலிருந்து அப்போதுதான் எடுத்த நல்ல மிளகாய் விதை, மேற்பரப்பில் காற்று ஒட்டிக்கொண்டதால் கொஞ்ச நேரம் மிதக்கவும் செய்யும்.

பூசணி, பாகல் விதையை முளைகட்டிப் போட்டா இந்தக் கணக்கெல்லாம் வேணுமோ?

பாதிக் கணக்குப் போய்விடும். ஈரத்துணியில் கட்டி, வேர் நுனி வெளிவந்ததை மட்டும் எடுத்து ஊன்றினால் முளைதிறனைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, தப்பும் பங்கு மாத்திரம் மிஞ்சும். 30 பூசணிக் குழிக்கு 35 முளைவிட்ட விதை கையில் இருந்தால் போதும். பெரிய விதைக்குத்தான் இது சரி. வேர் அரை சென்ரிமீற்றரைத் தாண்டமுன் ஊன்றவேண்டும், இல்லாவிட்டால் கையில் முறியும். குழி முன்கூட்டியே நனைந்திருக்கவேண்டும். முளைகட்டிய விதையை உலர்ந்த மண்ணில் போட்டுவிட்டு மழையை எதிர்பார்த்தால் அது செத்துவிடும். முளைகட்டாத விதையென்றால் மழைவரும்வரை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். கிணறோ வாய்க்காலோ இல்லாத நிலத்தில் இதைச் செய்யாதீர்கள்.

பயறு கொஞ்சம் எட்டு நாளாகியும் கல்லுமாதிரிக் கிடக்கு. செத்திட்டுதோ?

சாகவில்லை. ஊதாமல், ஊன்றினபோது இருந்த பருமனிலேயே கடினமாகக் கிடந்தால் அது கல்விதை. தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. செத்த விதை தண்ணீர் குடித்து ஊதி, நசித்தால் சளிபோலப் பிதுங்கும், பூஞ்சணம் பிடிக்கும். கல்விதை பிறகொரு நாள் முளைக்கலாம், ஆனால் அது மற்றப் பயிரோடு சேர்ந்து காய்க்காது, ஆகையால் முளைத்த கணக்கில் சேர்க்க வேண்டாம். தொகை கூட இருந்தால் பருமணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி பரிசோதியுங்கள்.

இன்னொன்று, அறுவடை செய்த கையோடு பரிசோதித்தால் நெல்லிலும் சில கத்தரி, மிளகாய் இனங்களிலும் எண் குறைவாக வரும். அது உறக்கம். சில கிழமை கழித்துப் பார்த்தால் தானாக ஏறியிருக்கும்.

நெல்லுக்கும் இப்பிடித்தானோ பாக்கிறது?

அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. நெல் வெடித்து மட்டம் போடும், ஐதாக விழுந்த இடத்தைப் பக்கத்துப் பயிர் நிரப்பும். விகிதத்தை மட்டும் திருத்துங்கள். 85 வீத விதைநெல்லுக்கு ஏக்கருக்கு 2 புசல் போடுகிறவர், கையிலிருப்பது 70 என்றால் 2 × 85 ÷ 70, ஏறக்குறைய 2.4 புசல் போட்டால் சரி.

போன வருஷத்து விதை, பரிசோதிச்சால் 35தான் வருகுது. ரெண்டு மடங்காப் போட்டாச் சமாளிக்கலாமோ?

கணக்குப்படி சமாளிக்கலாம், நான் செய்யச் சொல்லமாட்டேன். ஒரு விதைத்தொகுதி 35க்கு இறங்கிவிட்டதென்றால் மிச்சம் முளைக்கிற 35உம் திடமான விதையல்ல. அவை பிந்தி முளைக்கும், ஒன்று இன்று ஒன்று அடுத்த கிழமை என்று வரும், மண் கொஞ்சம் இறுகினாலே மேலே வராது. ஈரத்துணியில் 35 காட்டுகிற விதை பாத்தியில் 15 ஆகலாம். அதாவது அந்த இரண்டாவது எண்ணும் கூடவே விழுந்துவிடுகிறது. 60க்குக் கீழே போனால் புதுவிதை தேடுவதே மலிவு. இனம் அருமையானது, வேறெங்கும் கிடைக்காது என்றால் நாற்றுத்தட்டில் நல்ல மண்கலவையில் போட்டு, வந்த கொஞ்சக் கன்றிலிருந்து புதிய விதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விதையைக் கெடுப்பது வயதைவிட ஈரமும் சூடும். மழைக்கால ஈரக்காற்றில் திறந்த சரையில் கிடந்தது ஒரு போகத்திலேயே விழுந்துவிடும். நன்றாகக் காயவைத்து இறுக்கமான போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது வருடக்கணக்கில் நிற்கும்.

தவறணை போட்டுப் பதினைஞ்சு நாள். அங்கொண்டு இங்கொண்டுதான் தெரியுது. விதை பிழையோ நிலம் பிழையோ?

விதைத்த அன்றே அதே விதையில் 50ஐ ஈரத்துணியில் சுருட்டி வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். துணியில் நன்றாக முளைத்திருந்தால் விதையில் பிழையில்லை.

துணி வைக்கவில்லையென்றால் ஒரு வரிசையில் ஒரு அடி நீளத்தைக் கரண்டியால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். விதை போட்டபடியே உலர்ந்து கிடந்தால் ஈரம் காணவில்லை, அல்லது ஈரம் மேலே மட்டும் நின்றுவிட்டது. ஊதிச் சளியாகி அழுகியிருந்தால் செத்த விதை, அல்லது தண்ணீர் அளவுக்கு மிஞ்சியது. எந்தப் பக்கம் என்று அறிய, பாத்தியின் மேடான இடத்திலும் பள்ளத்திலும் கிளறுங்கள். பள்ளத்தில் மட்டும் அழுகியிருந்தால் தண்ணீர், எங்கும் ஒரேமாதிரி என்றால் விதை. முளைவிட்டு, வெள்ளைத் தண்டு மண்ணுக்கடியில் வளைந்து சுருண்டு கிடந்தால் ஆழமாகிவிட்டது, இல்லையேல் மேல்மண் இறுகிவிட்டது. எங்கள் செம்மண்ணும் செங்கபில மண்ணும் அடைமழைக்குப் பின் வெயில் பட்டால் ஓடுபோல இறுகும். விரலால் அந்த ஓட்டை மெதுவாக உடைத்துப் பூவாளியால் நனைத்தால் கொஞ்சம் தப்பலாம். விதையே இல்லையென்றால் எறும்பு. பாத்தி ஓரத்தில் புற்றைத் தேடுங்கள், வாசலில் விதைத்தோல் கிடக்கும். தரைமட்டத்தில் நூல்போலச் சுருங்கி விழுந்த நாற்றுகள் தெரிந்தால் அடியழுகல், தண்ணீரைக் குறைத்துக் காலையில் மட்டும் தெளித்து, பந்தலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள்.

மறுவிதைப்புக்கு எத்தனை விதை என்பது இந்தக் கிளறலில்தான் இருக்கிறது. விதை பிழையென்றால் புதுவிதைக்குப் புதுப் பரிசோதனை, புதுக் கணக்கு. நிலம் பிழையென்றால் விதைத் தொகையைக் கூட்ட வேண்டாம், அந்தப் பிழையைத் திருத்திவிட்டு அதே 740ஐப் போடுங்கள்.